பங்கு விகிதம் மாறும் நாளின் கணக்கு

கூட்டாண்மைத் தொழிலில் லாபப் பகிர்வு விகிதம் மாற, புதிதாக ஒருவர் வந்து சேரவோ பழையவர் விலகவோ வேண்டியதில்லை. இருக்கிற கூட்டாளிகளே தங்களுக்குள் பங்கை மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் சம்மதித்துக் கூட்டாண்மைப் பத்திரத்தைத் திருத்தி எழுதினால் போதும். ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. விகிதம் மாறும் நாள் வரை சேர்ந்த லாப நட்டம் முழுவதும் பழைய விகிதத்துக்கு உரியது. அதில் ஒரு பகுதி ஏட்டில் ஏறாமலே இருக்கும். இன்னொரு பகுதி ஏட்டில் ஏறியும் பிரிக்கப்படாமல் கிடக்கும். அன்றைக்கே அதைத் தீர்க்காவிட்டால், ஒருவர் சம்பாதித்தது சத்தமில்லாமல் மற்றவர் கைக்குப் போய்விடும்.

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்ளலாம். அண்ணன், தம்பி, மைத்துனர் மூவரும் கூட்டாளிகள், விகிதம் 5:3:2. வயதான அண்ணன் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ள, மைத்துனர் கூடுதல் பொறுப்பை ஏற்கிறார். ஏப்ரல் 1 முதல் விகிதம் 4:3:3 என்று முடிவாகிறது. அண்ணன் விட்டுக்கொடுப்பது பத்தில் ஒரு பங்கு, மைத்துனருக்குக் கூடுவதும் அதே பத்தில் ஒரு பங்கு. தம்பியின் பங்கில் மாற்றமில்லை. விட்டுக்கொடுத்ததைத் தியாகம் என்றும் கூடியதை ஆதாயம் என்றும் கணக்கியல் சொல்லும். இரண்டின் கூட்டுத்தொகையும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். சமமாக வராவிட்டால் மேற்கொண்டு போகாமல் அங்கேயே நின்று பின்னத்தைச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்து சொத்துகளின் மதிப்பு. கடை இருக்கும் கட்டடம் ஏட்டில் 12 லட்சம் ரூபாய். இன்றைய மதிப்பு 18 லட்சம். இந்த 6 லட்சம் ஏப்ரலில் ஒரே நாளில் ஏறியதல்ல, மூவரும் 5:3:2 என்று பங்கு கொண்டிருந்த ஆண்டுகளில் ஏறியது. இறக்கமும் இருக்கிறது. சரக்கு இருப்பில் யாரும் கேட்காத பழைய மாடல் பூட்டும் துருவேறிய கைப்பிடியும் 40,000 ரூபாய்க்குக் கழிவு. வர வேண்டிய கடனில் 30,000 ரூபாய் வாராக்கடனாகத் தெரிகிறது. சுமைக்கூலி பாக்கி 30,000 ரூபாய் இதுவரை ஏட்டிலேயே ஏறவில்லை. இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் மறுமதிப்பீட்டுக் கணக்கு என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சொத்து கூடினால் வரவு. சொத்து குறைந்தாலோ பொறுப்பு கூடினாலோ பற்று. 6 லட்சத்தில் 1 லட்சம் போக நிகர லாபம் 5 லட்சம்.

இதைப் பழைய விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும்: அண்ணனுக்கு 2,50,000, தம்பிக்கு 1,50,000, மைத்துனருக்கு 1,00,000. அவசரத்தில் புதிய விகிதத்தில் பிரித்தால் அண்ணனுக்கு 2 லட்சம்தான் கிடைக்கும். 50,000 ரூபாய் மைத்துனரிடம் போய்ச் சேரும். ஏடுகள் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பற்றும் வரவும் அப்போதும் சமமாகவே இருக்கும்.

பொதுக் காப்புக்கும் இதே நியாயம்தான். ஆண்டுதோறும் எடுக்காமல் ஒதுக்கிவைத்த லாபம் 2 லட்சம் ரூபாய் ஐந்தொகையில் நிற்கிறது. அதையும் 5:3:2 என்று பிரித்து, 1,00,000, 60,000, 40,000 என மூலதனக் கணக்குகளில் வரவு வைக்க வேண்டும். பிரிக்காத லாபத்துக்குப் பதில் பழைய நட்டம் நின்றிருந்தால் அதே விகிதத்தில் பற்று. லாபத்தைப் பிரிக்க ஆர்வம் காட்டும் அளவுக்கு நட்டத்தைப் பிரிக்க யாரும் முன்வருவதில்லை என்பது வேறு விஷயம்.

நற்பெயர் மட்டும் வேறு வழியில் போகிறது. கடையின் சராசரி ஆண்டு லாபம் 1,50,000. இரண்டு ஆண்டு லாபத்தை நற்பெயராகக் கொள்வதென்று மூவரும் ஒப்புக்கொண்டால் மதிப்பு 3 லட்சம். கணக்கியல் தரநிலை 26-இன்படி, தொழில் தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது. ஆகவே ஆதாயம் பெற்றவர் தியாகம் செய்தவருக்கு ஈடு செய்கிறார்: மைத்துனர் மூலதனத்தில் 30,000 பற்று, அண்ணன் மூலதனத்தில் 30,000 வரவு. எல்லாம் சேர்த்து அண்ணனின் மூலதனம் 3,80,000, தம்பியுடையது 2,10,000, மைத்துனருடையது 1,10,000 கூடுகிறது.

கட்டடத்தின் ஏட்டு மதிப்பைத் தொட வேண்டாம், காப்பும் ஐந்தொகையில் அப்படியே இருக்கட்டும் என்று சில கூட்டாளிகள் நினைப்பார்கள். அதற்கும் வழி உண்டு. மறுமதிப்பீட்டு லாபம் 5 லட்சம், காப்பு 2 லட்சம், நற்பெயர் 3 லட்சம் மூன்றையும் கூட்டினால் 10 லட்சம். மைத்துனரின் ஆதாயம் பத்தில் ஒன்று. ஆக ஒரே பதிவு: அவர் மூலதனத்தில் 1 லட்சம் பற்று, அண்ணனுக்கு 1 லட்சம் வரவு. தம்பியின் கணக்கு அசையாது. ஏட்டில் வேறு எதுவும் மாறாது.

3,80,000 எங்கே, 1,00,000 எங்கே, அண்ணன் ஏமாறவில்லையா என்ற கேள்வி எழும். ஏமாறவில்லை. ஏட்டில் ஏறாத 5 லட்சமும் காப்பு 2 லட்சமும் பின்னாளில் பிரிக்கப்படும்போது புதிய விகிதத்தில் பிரியும். அப்போது அண்ணனுக்கு 2,80,000 வரும். முன்பு பெற்ற 1 லட்சத்தோடு சேர்த்தால் அதே 3,80,000. மூலதனத்துக்கு வட்டி கொடுக்கும் ஏற்பாடு இருந்தாலும் கணக்கு பிசகாது. வட்டி 10 சதவீதம் என்றால், முதல் வழியில் கூடுதல் மூலதனத்துக்காக அண்ணன் பெறுவது 38,000. இரண்டாம் வழியில் வட்டி 10,000தான். ஆனால் முதல் வழியில் வட்டியாகப் போயிருக்கும் 70,000 ரூபாய் லாபத்திலேயே நின்று, அதில் அவருக்குப் பத்தில் நான்காக 28,000 வந்துவிடும்.

பிசகு நேருவது பிற்காலத்தில். சில ஆண்டுகள் கழித்துக் காப்பைப் பிரிக்க உட்காரும்போது, “இது பழைய பணம், பழைய விகிதத்தில் பிரிப்போம்” என்று யாராவது சொல்வார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். அப்படிச் செய்தால் அண்ணனுக்கு 20,000 ரூபாய் இரண்டாவது முறையாகப் போகும், ஏனென்றால் அந்தக் காப்புக்காக மைத்துனர் ஏற்கெனவே ஈடு செய்துவிட்டார். எனவே இரண்டாம் வழியைத் தேர்ந்தால், எந்தெந்தத் தொகைக்கு ஈடு முடிந்தது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஒற்றை வரிப் பதிவைப் பார்த்து ஐந்து ஆண்டு கழித்து வரும் கணக்கர் அதை ஊகிக்க முடியாது.

முதல் வழியில் உள்ள சிக்கல் வேறு. மூலதனக் கணக்குகளில் 7 லட்சம் கூடியும் பெட்டியில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. காப்புத் தொகையும் பெரும்பாலும் சரக்காகவும் கடனாகவும் மாறிப்போயிருக்கும். கூடிய தொகையை நம்பி அண்ணன் 3 லட்சம் எடுத்தால், சரக்கு வாங்க வைத்திருந்த பணம்தான் வெளியே போகும். எடுக்கலாமா, எவ்வளவு, எப்போது என்பதையும் அதே திருத்தத்தில் சேர்ப்பது வழக்கமாக வேண்டும். கட்டடத்தை 18 லட்சமாக உயர்த்திக் காட்டியதால் வருமான வரிக்கான தேய்மானம் கூடிவிடாது. வரித்துறை பழைய அடக்கவிலையில் கழிந்தது போக மீதமுள்ள மதிப்பையே கணக்கில் கொள்ளும்.

விகிதம் ஆண்டின் நடுவில், அக்டோபர் 1 அன்று மாறுவதாக இருந்தால் இன்னொரு வேலையும் சேர்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான லாபத்தைத் தனியே கணக்கிட்டுப் பழைய விகிதத்தில் பிரிக்க வேண்டும். ஹார்டுவேர் போன்ற, பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறும் தொழிலில் ஆண்டு லாபத்தைச் சரிபாதியாக வெட்டினால் சரிவராது. அந்த ஆறு மாத விற்பனையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.