காப்புக் கயிறு

அம்மன் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் காப்புக் கட்டுடன் தொடங்குகின்றன. மஞ்சளில் தோய்த்த நூலில் ஒரு மஞ்சள் துண்டையோ வேப்பிலையையோ முடிந்து, பூசாரி முதலில் அம்மனுக்குக் கட்டுவார். பிறகு தானும் கட்டிக்கொண்டு, தீ மிதிப்போருக்கும் நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கும் கட்டுவார். ஆண்களுக்கு வலது மணிக்கட்டிலும் பெண்களுக்கு இடது மணிக்கட்டிலும் கட்டுவது வழக்கம்.

கயிறு இரண்டு வகையில் காக்கும் என்பது நம்பிக்கை. விரதக் காலத்தில் கெட்ட சக்தியும் கண்ணேறும் அண்டாது என்பது ஒன்று. மற்றொன்று தீட்டைப் பற்றியது. காப்பு கட்டியவரின் பங்காளி வீட்டில் சாவு நேர்ந்தாலும், கயிறு இருக்கும்வரை அந்தத் தீட்டு அவரைச் சேராது என்பார்கள். விழா நடுவில் நின்றுவிடாமல் காப்பது இந்த விலக்குதான். கோயில் குடமுழுக்கில் சிவாச்சாரியார்கள் கட்டிக்கொள்ளும் ரட்சாபந்தனத்துக்கும் இதுவே பொருள்.

காக்கும் கயிறு கட்டுப்படுத்தவும் செய்கிறது. கட்டியவர் புலால் உண்ணக் கூடாது. முடி வெட்டக் கூடாது. பல ஊர்களில் எல்லை தாண்டி இரவு தங்கவும் கூடாது. விரதம் தவறினால் காப்பு பலிக்காது என்பதால், தீ மிதிப்போர் இதில் மிகுந்த கவனமாக இருப்பார்கள். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் பூசாரியே கயிற்றை அவிழ்ப்பார். அதைக் காலில் மிதிபடும்படி எறிவதில்லை. ஆற்றிலோ குளத்திலோ விடுவார்கள்.