டிக்கெட்டுக்கு ஒரு நாள்... பணம் மாற்ற ஒரு நாள்!

வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை. துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் அதற்கென்றே லீவு போட்டு, திருவனந்தபுரம் வழியாக ஊருக்கு வருவார்கள். அப்போது எல்லா வீட்டு போனிலும் ஒரே கேள்விதான்: "டிக்கெட்டை இப்பவே போட்டுரலாமா, இல்ல ரூபா இன்னும் இறங்குற வரைக்கும் பொறுக்கலாமா?"

இதற்குப் பதில் சொல்லும் முன், டிக்கெட் எந்தப் பணத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாகப் பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறதோ, அந்த நாட்டுப் பணத்தில்தான் கட்டணம் வரும். துபாயில் தொடங்கிப் போய்வரும் டிக்கெட் என்றால் திர்ஹாம். சம்பளமும் திர்ஹாம் என்பதால், ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அந்த டிக்கெட்டுக்குக் கவலையில்லை. திரும்பிப் போக மட்டும் திருவனந்தபுரத்திலிருந்து தனி டிக்கெட் எடுத்தால், அது ரூபாயில் வரும். சிக்கல் அங்கேதான்.

திர்ஹாமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால், திர்ஹாமுக்கு எதிராகவும் அதே அளவு இறங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

திரும்பும் டிக்கெட் 18,000 ரூபாய், ஒரு திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 750 திர்ஹாம். மூன்று வாரம் பொறுத்ததில் விகிதம் 24.25 ஆகிறது. அதே டிக்கெட் இப்போது 742 திர்ஹாம். லாபம் வெறும் 8 திர்ஹாம்.

ஆனால் விமான நிறுவனம் ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி. அந்த மூன்று வாரத்தில் டிக்கெட் 22,000 ஆகிவிட்டால், நல்ல விகிதத்திலும் செலவு 907 திர்ஹாம். பழைய 750-க்கே அது கிடைக்க வேண்டுமானால், ஒரு திர்ஹாம் 29 ரூபாயைத் தாண்ட வேண்டும்!

அப்படி ஒரு சரிவு நடக்காமல் இல்லை. 2013 மே தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 54 ஆக இருந்த ரூபாய், ஆகஸ்ட் 28-ம் தேதி 68-ஐத் தாண்டியது. ஆனால் அக்டோபருக்குள் 62 பக்கம் திரும்பிவிட்டது. அந்த நான்கு மாதத்தை முன்கூட்டிக் கணித்து டிக்கெட் எடுப்பது யாராலும் ஆகிற காரியமில்லை.

இரண்டையும் பிரித்துவிடுங்கள்

பணம் மாற்றும் நாளும் டிக்கெட் வாங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விகிதம் நன்றாக இருக்கும் மாதத்தில், திரும்பும் டிக்கெட்டுக்கான தொகையைச் சேர்த்து என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பி வைத்துவிடலாம். பிறகு விலை குறைவாகத் தெரியும் நாளில், அந்தக் கணக்கின் டெபிட் கார்டில் ரூபாயிலேயே டிக்கெட் எடுக்கலாம். அனுப்பும்போது கூகுள் காட்டும் விகிதத்தை நம்ப வேண்டாம். அது சந்தை விலை. எக்ஸ்சேஞ்சில் கட்டணம் போக ஊரில் எத்தனை ரூபாய் சேரும் என்பதுதான் கணக்கு.

ஊரில் இருக்கும் அப்பா தன் ரூபாய் கார்டில் திர்ஹாம் டிக்கெட்டை எடுப்பதுதான் செலவு கூடிய வழி. பல இந்தியக் கார்டுகள் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,000 திர்ஹாம் டிக்கெட்டில், மேலே சொன்ன 24 ரூபாய் விகிதப்படி, அதுவே 991 ரூபாய். பொறுத்திருந்து சம்பாதித்த 8 திர்ஹாம் எங்கே, இது எங்கே! அந்த டிக்கெட்டை மகனே தன் துபாய் கார்டில் எடுத்துவிடலாம்.

அப்பாதான் எடுத்தாக வேண்டும் என்றால், பணம் கட்டும் பக்கத்தில் 'ரூபாயில் செலுத்தலாமா?' என்று கேட்டால் சட்டென்று சரி சொல்லிவிடாதீர்கள். அங்கே விற்பவர் தரப்பு தன் லாபத்தைச் சேர்த்து விகிதம் வைத்திருக்கும். காட்டும் ரூபாயைத் திர்ஹாமால் வகுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். திர்ஹாமில் கட்டினாலும், கார்டில் மாற்று விகிதம் விழுவது பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான். எனவே 'இன்றைய விகிதம்' பார்த்துப் பட்டனை அழுத்துவதில் பெரிய பயனில்லை.

டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்பும் தொகை, திரும்பும் நாளின் விகிதத்தில்தான் ரூபாயாகும். முதலில் பிடித்த கூடுதல் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. லீவு உறுதியாகாதவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம். அதற்கும் காரணம் லீவுதான், ரூபாய் அல்ல.