மாரோட்சி பிடி: சிப்பாயைத் தள்ளும் நேரம்

சதுரங்கத்தில் வெள்ளையின் சிப்பாய்கள் c4, e4 கட்டங்களில் நின்றால், அந்த அமைப்பை மாரோட்சி பிடி என்பார்கள். ஹங்கேரி வீரர் கேஸா மாரோட்சியின் (1870–1951) பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் இதன் புகழ்பெற்ற முதல் உதாரணமான 1904 மாண்டே கார்லோ ஆட்டத்தில் பிடியைப் போட்டவர் ஸ்விடெர்ஸ்கி. எதிரே கறுப்புக் காய்களுடன் இருந்தவர்தான் மாரோட்சி.

இந்த இரண்டு சிப்பாய்களும் d5 கட்டத்தைக் காக்கின்றன. C4 சிப்பாய் b5-ஐயும் காக்கிறது. எனவே கறுப்பு d5 அல்லது b5 தள்ளித் தன் காய்களுக்கு வழி திறப்பது கடினம். வெள்ளைக்கு நான்கு வரிசை இடம். கறுப்புக்கு மூன்றே வரிசை. இந்த நிலையில் சிப்பாய்களை ஐந்தாம் வரிசைக்குத் தள்ளி இன்னும் நெருக்குவதா, அவற்றை அப்படியே விட்டுக் காய்களை நகர்த்துவதா என்ற கேள்வி வெள்ளைக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் எழுகிறது. சிப்பாய் பின்னால் வராது என்பதால் இதில் அவசரம் கூடாது.

அடிக்கடி ஆடப்படும் வரிசை ஒன்று:

1.e4 c5 2.Nf3 Nc6 3.d4 cxd4 4.Nxd4 g6 5.c4 Bg7 6.Be3 Nf6 7.Nc3 O-O 8.Be2 d6 9.O-O Bd7 10.Qd2 Nxd4 11.Bxd4 Bc6 12.f3 a5 13.b3 Nd7 14.Be3 Nc5

இதில் 14-ஆம் நகர்த்தல் கவனிக்கத்தக்கது. g7-இல் உள்ள மந்திரியை வெட்டாமல் வெள்ளை தன் மந்திரியை e3-க்கு இழுத்துக்கொள்கிறது. இடம் குறைந்தவருக்குக் காய் குறைந்தால் மூச்சு விடலாம். இடம் உள்ளவர் அந்த வசதியை ஏன் தர வேண்டும்? மேலும் d4 கட்டத்தை இனி எந்த வெள்ளைச் சிப்பாயும் காக்க முடியாது, ஏனென்றால் c, e சிப்பாய்கள் அதைத் தாண்டிவிட்டன. அந்தக் காவல் e3 மந்திரியின் பொறுப்பு.

இப்போது கறுப்புக் குதிரை c5-இல் உட்கார்ந்து e4, b3 இரண்டையும் குறிவைக்கிறது. அதை விரட்ட b4 தள்ள வேண்டும்; a5 சிப்பாய் குறுக்கே நிற்பதால் முதலில் a3 என்று தோன்றும். உடனே 15.a3 ஆடினால் ஆட்டம் கெடும். a2 சிப்பாய் நகர்ந்ததும் b3-க்குக் காவல் போய்விடுகிறது, 15...Nxb3 என்ற ஒரே அடியில் குதிரை a1 யானையையும் d2 ராணியையும் சேர்த்துத் தாக்கும்.

அதனால் 15.Rab1. யானை இப்போது b3-ஐக் காக்கிறது, நீண்ட மூலைவிட்டத்திலிருந்தும் விலகிவிட்டது. கறுப்பு அவசரப்பட்டு a4 தள்ளினால் b4 என்று குதிரையை விரட்டலாம். அது b3-க்குப் போக முடியாது, a2 சிப்பாய் வெட்டிவிடும். ஆனால் வெள்ளையே முந்திக்கொண்டு a3 ஆடினால் கதை மாறும்: a4, அடுத்து b4, உடனே குதிரை b3-இல் இறங்கி d2 ராணியைத் தாக்கும். ஆகவே வெள்ளை இன்னும் பொறுக்கிறது. f1 யானை c1 வழியாக c2-க்கு வந்து c3 குதிரைக்குக் காவலாகிறது, e2 மந்திரி f1-க்குப் பின்வாங்கி c4 சிப்பாயைத் தொடர்ந்து காத்து நிற்கிறது, ராணி d2-ஐ விட்டு அகலுகிறது. இதற்குப் பிறகு b3-க்கு வரும் குதிரை எதையும் தாக்காது. அப்போதுதான் a3, b4 திட்டத்துக்கு அர்த்தம் வருகிறது. அதற்கும் விலை உண்டு: b சிப்பாய் முன்னேறியதும் c4-ஐத் தாங்க அருகில் சிப்பாய் இல்லை, காய்களே தாங்க வேண்டும்.

ராஜா பக்கம் f4 தள்ளி e5-க்கு வழி செய்வது இங்கே அதைவிட ஆபத்தானது. f3-இல் இருந்தவரை e4 உறுதியாக இருந்தது. f4 வந்ததும் c6 மந்திரியும் c5 குதிரையும் e4-ஐ இரட்டையாகத் தாக்க, வெள்ளைக் காய்கள் ஒரு சிப்பாயைக் காப்பதற்கே கட்டுப்பட்டுப்போகும். தாக்க வந்தவர் காவலுக்கு நிற்கும் நிலை அது.

ஐந்தாம் வரிசைக்கு ஏற இன்னொரு வழி, சிப்பாய்க்குப் பதில் குதிரையை d5-க்கு அனுப்புவது. கறுப்பு மந்திரியால் அதை வெட்டினால் exd5. E வரிசை திறக்க, e7 சிப்பாய் யானைகளுக்கு நிரந்தர இலக்காகும். கறுப்பு வெட்டாவிட்டால் குதிரை அங்கேயே e7-ஐ உறுத்திக்கொண்டு நிற்கும், வேண்டுமானால் திரும்பியும் வரலாம். ஆனால் exd5-க்குப் பின் c4, d5 சிப்பாய்கள் வெள்ளைக் கட்ட மந்திரியின் பாதையையே அடைக்கும். கறுப்புக் கட்டங்களை e3 மந்திரி காக்கும்வரை இது தாங்கும். அது ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால் c5 குதிரையை அசைக்க b4 தவிர வேறு வழியில்லை. அந்த b4 தயாராகாதபோது d5-ஐ மூடினால் வெள்ளையின் கூடுதல் இடம் பயனற்றுக் கிடக்கும்.