கடைசிச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும்?

போட்டித் தேர்வுத் தாளில் வரிசையாகப் பற்சக்கரங்களை வரைந்து, முதல் சக்கரம் வலப்பக்கமாகச் சுற்றினால் கடைசிச் சக்கரம் எப்பக்கம், எத்தனை வேகம் என்று கேட்பார்கள். பலர் சக்கரங்களை எண்ணத் தொடங்குவார்கள். எண்ண வேண்டியது சக்கரங்களை அல்ல. பல்லோடு பல் கடிக்கும் இடங்களை. ஒவ்வொரு கடியிலும் திசை ஒருமுறை மாறும். கடிகள் இரட்டைப்படை என்றால் கடைசிச் சக்கரமும் முதலாவதைப் போலவே சுற்றும். ஒற்றைப்படை என்றால் எதிராக.

ஐந்து சக்கரங்கள், பற்கள் முறையே 20, 35, 15, 50, 40 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது நிமிடத்துக்கு 120 சுற்று, வலமாக. நான்கு கடிகள், ஆகவே கடைசியும் வலம்தான். வேகம்? முதல் சக்கரத்தில் நிமிடத்துக்கு 20 × 120 = 2400 பற்கள் கடந்து போகின்றன. அடுத்தடுத்த சக்கரங்களிலும் அதே 2400 பற்கள்தான் கடக்க முடியும். பல்லைத் தாண்டிப் போக வழியில்லையே. கடைசியில் 2400-ஐ 40-ஆல் வகுத்தால் 60 சுற்று. நடுவிலுள்ள 35, 15, 50 கணக்கிலேயே வராது. அவை திசையை மாற்றவும் இடைவெளியை நிரப்பவும் மட்டுமே. கார் பின்னோக்கிப் போவதற்குக் கியர்பெட்டியில் ஒரு சக்கரத்தை இடையில் நுழைப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

தவறு நடப்பது, ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள் மாட்டியிருக்கும்போது. 20 பல் சக்கரம் 60 பல் சக்கரத்தைக் கடிக்கிறது. அந்த 60-இன் தண்டிலேயே 15 பல் சக்கரம் ஒன்று. அது 30 பல் சக்கரத்தைக் கடிக்கிறது. முதலாவது 120 சுற்று என்றால் நடுத்தண்டு 40 சுற்று. தண்டு ஒன்றென்பதால் 15 பல் சக்கரமும் அதே 40 சுற்று, அதே திசை. ஆனால் இனி கடப்பது 40 × 15 = 600 பற்கள் மட்டுமே; எனவே கடைசி 20 சுற்று. முதல், கடைசி இரண்டை மட்டும் பார்த்தவருக்கு 80 வரும். விடைத்தேர்வுகளில் அந்த 80-ஐயும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்! திசையிலும் கண்ணி உண்டு: சக்கரங்கள் நான்கு, கடிகளோ இரண்டு, ஆகவே முதலும் கடைசியும் ஒரே பக்கம்.

சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள்ளும் மணி முள்ளும் ஒரே பக்கம் சுற்றுவதும் இப்படித்தான். 12 பல் 36-ஐக் கடித்து மூன்றில் ஒன்றாகவும், 10 பல் 40-ஐக் கடித்து நான்கில் ஒன்றாகவும் குறைந்தால் வேகம் பன்னிரண்டில் ஒரு பங்கு, கடிகள் இரண்டு.

வளையத்தின் உட்புறப் பற்களில் ஒரு சக்கரம் கடித்தால் திசை மாறாது. அந்தக் கடியை எண்ணாதீர்கள். பெல்ட்டும் அப்படியே, குறுக்காகப் போட்டிருந்தால் மட்டும் எண்ணுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு படத்தில் ஒன்றைப் பாருங்கள். மூன்று சக்கரங்கள் முக்கோணமாக ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தால் எதுவுமே சுற்றாது. விடை ‘அசையாது’ என்பதுதான்.