பழ ஈ பிறக்கும் இடம்

மாம்பழக் காலத்தில் தட்டைச் சுற்றிப் பறக்கும் குட்டி ஈக்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால், பலரும் ஜன்னலைக் கைகாட்டுவார்கள். ஒன்றிரண்டு அப்படி வருவது உண்டு. கடையிலிருந்து வாங்கிவரும் பழத்தின் தோலில் முட்டையாக ஒட்டிக்கொண்டும் வரும். ஆனால் தினமும் காலையில் பத்து, இருபது என்று புதிதாகக் கண்ணில் பட்டால், அவை அந்தச் சமையலறையிலேயே பிறந்து வளர்ந்தவையாகத்தான் இருக்கும்.

பழ ஈக்கு நீளம் 3 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, சிவந்த கண். பழத்தைவிட, பழம் புளிக்கும்போது எழும் வாடைதான் அதை இழுக்கிறது. அதனால்தான் மாங்கொட்டை, வாழைப்பழத் தோலோடு, பொங்கி வழிந்த தோசை மாவின் மேலும் அது வந்து உட்காருகிறது. முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் புழு, புளிக்கும் அந்தக் கூழைத் தின்றுகொண்டு சில நாள் கிடக்கும். பிறகு ஈரத்தை விட்டு விலகி, காய்ந்த ஓரமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். முட்டை ஈயாக மாற, 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள். நம் ஊர்க் கோடையில் எட்டு நாளே போதும்.

இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் ஈ பிறக்கும் இடத்தைத் தேடுவது எளிது. நேற்றுப் போட்ட தோலிலிருந்து இன்று ஈ வர முடியாது. இன்று பறக்கும் ஈ, ஒரு வாரத்துக்கு மேலாக யாரும் கை வைக்காத ஏதோ ஓர் ஈரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. ஆகவே தேட வேண்டியது அழுக்கான இடத்தை அல்ல. ஒரு வாரமாகக் கழுவப்படாத, ஈரம் காயாத இடத்தை.

எங்கள் குடியிருப்பில், எதிர் வீட்டில் இதை நேராகப் பார்த்தேன். சுத்தமான வீடு. மக்கும் குப்பையைத் தனியே பிரித்து, காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் தினமும் கொடுத்துவிடுகிறவர்கள். “குப்பையே தங்கவில்லையே அக்கா, பிறகு எப்படி இவ்வளவு ஈ?” என்று அந்தப் பெண் கேட்டாள். குப்பைத்தொட்டியைப் பால்கனிக்கு எடுத்துப் போய், உள்ளே இருந்த பையைத் தூக்கினோம். அடியில் விரல் தடிமனுக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் தேங்கியிருந்தது. பையில் எப்போதோ விழுந்த பொத்தல் வழியாகக் கசிந்து சேர்ந்தது. அதில் அரிசி நுனி அளவில் வெள்ளைப் புழுக்கள். மூடியைக் கவிழ்த்தபோது, அதன் உள்விளிம்பில் மஞ்சளும் பழுப்புமாக, சீரகத்தைவிடச் சிறிய மணிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவைதான் கூட்டுப்புழுக்கள். பை தினமும் மாறியது. தொட்டி கழுவப்பட்டு எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

மூடி போட்ட தொட்டி என்பதால் ஈ புகாது என்று நம்புகிறோம். மூடியைத் திறக்கும் ஒரு நொடி அதற்குப் போதும். தொட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு, விளிம்பும் கீலும் உட்படத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தால் புழு ஈயாகும் வரை பிழைக்காது. காய்வது கழுவுவதைவிட முக்கியம். வசதி இருந்தால் இரண்டு தொட்டிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அடியில் நாலாக மடித்த செய்தித்தாளைப் போட்டு, அதையும் தினமும் குப்பையோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும். சாம்பார், ரசம், மோர் மிச்சத்தைத் தொட்டியில் அப்படியே கொட்டாமல் வடிகட்டிச் சக்கையை மட்டும் போட்டாலே பாதி ஈரம் குறையும். குப்பை எடுக்க ஆள் வராத நாளில் மாம்பழத் தோலையும் கொட்டையையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அந்தக் குளிரில் புளிப்பதும் இல்லை, முட்டை பொரிவதும் இல்லை.

எதிர் வீட்டில் தொட்டியோடு கதை முடியவில்லை. கழுவி நாலைந்து நாளாகியும் ஈ முழுதாகக் குறையவில்லை. உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்ததும் காரணம் கிடைத்தது: அடியில் ஒரே ஒரு கிழங்கு அழுகிக் குழைந்து கிடந்தது. ஈரம் காயாத துடைக்கும் துணி, சிங்க் ஓரத்து ஸ்பாஞ்ச், மிச்சத்தோடு நிற்கும் ஜூஸ் பாட்டில், கிரைண்டருக்கு அடியில் வழிந்த மாவு இவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

சிங்க் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே பழ ஈயும் வளரும். சாக்கடை ஈ என்ற இன்னொன்றும் வளரும். அது சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு, குட்டி அந்துப்பூச்சி போல இருக்கும். அதிகம் பறக்காது, சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் தீனி, குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பான பாசிதான். சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. இரவு வேலை முடிந்ததும் சிங்க் ஓட்டையைச் சுற்றி ஈரத்தைத் துடைத்துவிட்டு, செல்லோ டேப்பைப் பசைப் பக்கம் கீழே இருக்கும்படி ஓட்டையின் குறுக்கே ஒட்டுங்கள். காற்றுப் போக இருபக்கமும் இடைவெளி இருக்கட்டும். காலையில் பசையில் ஈ ஒட்டியிருந்தால் குழாய்க்குள் அவை வளர்கின்றன. நாலைந்து இரவு செய்தும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் வேறு இடத்தைத் தேடலாம்.

குழாயில்தான் என்று தெரிந்ததும் பலர் கொதிநீரையோ பிளீச்சிங் பவுடர் கரைசலையோ ஊற்றுவார்கள். இரண்டுமே பாசியின் மேலாக வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அடியில் இருக்கும் புழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சிங்குக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் குழாய் கொதிநீரில் இளகி, இணைப்பில் கசியத் தொடங்கும். ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும், பாசியைப் பெயர்க்காது. பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். பாசியைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஜாலியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பழைய பல் பிரஷால் தேய்த்து, நீளமான பாட்டில் பிரஷைக் குழாய்க்குள் விட்டு, சோப்புத் தண்ணீரோடு சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். கறுப்புக் கூழாக அது வெளியே வரும்போது இத்தனை நாள் என்ன தங்கியிருந்தது என்று புரியும். பிறகு வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

வினிகர் பொறி வீண் இல்லை. ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் வினிகர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் ஈ வினிகரின் மேல் நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். ஆனால் பிறக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் வைத்தால் மாதக்கணக்கில் ஈ விழுந்துகொண்டே இருக்கும். அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சரியான இடத்தைச் சுத்தம் செய்திருந்தால், ஏற்கெனவே பறப்பவையும் கூட்டுக்குள் இருந்தவையும் வந்து விழுந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பொறி காலியாகிவிடும். அதுவரை நறுக்கிய பழத்தையும் ஆறவைத்த சோற்றையும் மூடியே வையுங்கள். தொட்டியின் கசிவில் நின்ற காலோடுதான் அந்த ஈ அடுத்துத் தட்டில் இறங்குகிறது. சாக்கடை ஈ பொறியில் அதிகம் விழாது. அதற்கு மீண்டும் டேப் சோதனைதான்.

எல்லாம் செய்தும் சாக்கடை ஈ வந்துகொண்டே இருந்தால், சிங்குக்கு அடியில் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடைவெளி விட்டிருந்தாலோ, தரைக்கு அடியில் குழாய் உடைந்து மண் நனைந்திருந்தாலோ, உங்கள் பிரஷ் எட்டாது. பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.