ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர்கள் பலர், கிருமியின் பெயருக்குப் பக்கத்தில் 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்த முடிவைச் சொல்லப் பல ஆய்வகங்களில் பெரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு பிளேட், மருந்து ஏற்றிய நான்கு சின்னக் காகித வில்லைகள், ஓர் அளவுகோல் ஆகியவை போதும். இரண்டு வட்டங்களின் அகலத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதைத் தடுத்து அதைக் கொல்கின்றன. இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் நடுவில் பீட்டா-லாக்டம் என்ற வேதிவளையம் உண்டு. அந்த வளையத்தை உடைத்துவிட்டால் மருந்து செத்துப்போகும். அதை உடைக்க பாக்டீரியா உண்டாக்கும் நொதிதான் பீட்டா-லாக்டமேஸ். பழைய நொதிகளால் உடைக்க முடியாதபடி உருவாக்கப்பட்டவை செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகள். ஆனால் 1983-லேயே, ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் எடுக்கப்பட்ட கிளெப்சியெல்லா கிருமிகள் செஃபோடாக்சிமையும் உடைப்பது பதிவானது. பழைய நொதி ஒன்று சிறு மாற்றம் அடைந்து, முன்பு எட்டாத மருந்துகளையும் எட்டிப் பிடித்திருந்தது. இப்படி வீச்சு விரிந்த நொதிகளைத்தான் இ.எஸ்.பி.எல். என்கிறோம். இன்று உலகெங்கும் அதிகம் காணப்படும் சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற நொதி, 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுடெல்லியில் எடுத்த கிருமிகளில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

இந்த நொதிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. கிளவுலனிக் அமிலம் என்ற பொருள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு, அவற்றை வேலை செய்யவிடாமல் முடக்கிவிடும். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியா வகை ஒன்றிலிருந்து கிடைத்த இந்த அமிலத்துக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் சக்தி மிகக் குறைவு. பரிசோதனை முழுவதும் இதை வைத்துத்தான். செஃபோடாக்சிம் மட்டும் இருக்கும்போது வளரும் கிருமி, அதோடு கிளவுலனிக் அமிலம் சேர்ந்ததும் வளராமல் போனால், இடையில் மருந்தை உடைத்துக்கொண்டிருந்தது இ.எஸ்.பி.எல். என்று தெரிந்துவிடும்.

செய்முறை இதுதான். நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்ந்த கிருமியை உப்புநீரில் கரைத்து, 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிர்ணயித்த கலங்கல் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, முல்லர்-ஹிண்டன் அகர் பிளேட் முழுவதும் ஒரே சீராகத் தடவுவார்கள். அதன் மேல் நான்கு வில்லைகள் வைக்கப்படும். முதலாவதில் செஃபோடாக்சிம் 30 மைக்ரோகிராம். இரண்டாவதில் அதே செஃபோடாக்சிம் 30 மைக்ரோகிராமோடு கிளவுலனிக் அமிலம் 10 மைக்ரோகிராம். மூன்றாவது, நான்காவது வில்லைகள் இதே கணக்கில் செஃப்டாசிடிமுக்கு. பிளேட்டை ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் இன்குபேட்டரில் வைத்துவிட்டு, மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். இரண்டு ஜோடிகளில் ஏதாவது ஒன்றில், அமிலம் சேர்ந்த வில்லையின் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் முடிவு பாசிட்டிவ்.

ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறுநீர் மாதிரியில் வளர்ந்த ஈ.கோலை. செஃபோடாக்சிம் வட்டம் 11 மி.மீ., அமிலத்தோடு 27 மி.மீ.; வித்தியாசம் 16. செஃப்டாசிடிம் வட்டம் 19, அமிலத்தோடு 23. வித்தியாசம் வெறும் 4. செஃப்டாசிடிம் ஜோடியை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கிருமி நெகட்டிவ் என்று போயிருக்கும். சி.டி.எக்ஸ்-எம் வகை நொதிகளில் பல செஃபோடாக்சிமை வேகமாக உடைக்கும், செஃப்டாசிடிமை அவ்வளவாக உடைக்காது. வேறு சில இ.எஸ்.பி.எல். நொதிகள் இதற்கு நேர்மாறு. இரண்டு ஜோடிகளையும் வைத்தே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

வில்லைகளின் இடைவெளியும் முக்கியம். நெருக்கி வைத்தால் அமிலம் பக்கத்தில் இருக்கும் வெறும் வில்லையின் பகுதிக்கும் பரவி, அந்தப் பக்கத்தில் வட்டத்தை இழுத்துவிடும். வட்டம் ஒரு பக்கம் மட்டும் வீங்கித் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அளந்தால் வித்தியாசம் உள்ளதைவிடக் குறைவாகவே வரும். வில்லைகளைத் தள்ளி வைத்து மறுபடி செய்வதே சரி.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. கிளவுலனிக் அமிலம் ஈரத்திலும் வெப்பத்திலும் சீக்கிரம் கெடும். வில்லைக் குப்பியை அடிக்கடி வெளியே எடுத்துவைத்தாலும், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இல்லாமல் வைத்தாலும் அமிலம் போய், செஃபோடாக்சிம் மட்டும் மிஞ்சும். அப்போது இரண்டு வில்லைகளும் ஒரே வட்டத்தைத் தரும். பாசிட்டிவ் கிருமி எல்லாம் நெகட்டிவ் ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, நோயாளிகளின் கிருமிகளைப் போலவே தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகள் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். ஏ.டி.சி.சி. 700603 என்ற கிளெப்சியெல்லாவில் செஃப்டாசிடிம் ஜோடியில் குறைந்தது 5 மி.மீ., செஃபோடாக்சிம் ஜோடியில் குறைந்தது 3 மி.மீ. வித்தியாசம் வரவேண்டும். ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலையில் 2 மி.மீ.க்கு மேல் வரக்கூடாது. முதலாவதில் வித்தியாசம் சுருங்கினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். அன்றைய நெகட்டிவ் முடிவுகளையும் நம்பக்கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் பரிசோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. செஃபோடாக்சிம் 8 மி.மீ., அமிலத்தோடு 9. செஃப்டாசிடிம் இரண்டிலும் வட்டமே இல்லை. வித்தியாசம் இல்லாததால் இது இ.எஸ்.பி.எல். நெகட்டிவ். ஆனால் மருந்துகள் தோற்றுத்தான் நிற்கின்றன. ஏம்ப்-சி என்ற இன்னொரு நொதி இதே மருந்துகளை உடைக்கும். கிளவுலனிக் அமிலம் அதை முடக்காது. ஒரே கிருமியில் இரண்டும் இருந்தால், அமிலம் இ.எஸ்.பி.எல்.-ஐ அடக்கினாலும் ஏம்ப்-சி தன் வேலையைத் தொடர்ந்து வித்தியாசத்தை மறைத்துவிடும். இந்தச் சந்தேகத்தைச் செஃபாக்சிட்டின் வில்லை கிளப்பும். இ.எஸ்.பி.எல். அதை உடைக்காது, ஏம்ப்-சி உடைக்கும். பிறகு செஃபிபிம் என்ற மருந்தை அமிலம் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்துப் பார்க்கலாம். ஏம்ப்-சி அதை எளிதில் உடைக்காது என்பதால், ஒளிந்திருக்கும் இ.எஸ்.பி.எல். அங்கே வெளிப்பட வாய்ப்பு அதிகம். மெரோபெனம் வட்டமும் சுருங்கியிருந்தால், கார்பாபெனமேஸ் எனும் இன்னும் வலிய நொதியைத் தேடவேண்டும்.

2010-இல் அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு செஃபலோஸ்போரின் அளவுகோல்களைக் கடுமையாக்கிய பிறகு, எந்த மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட் கொடுக்க இந்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. ஆனாலும் ஒரே வார்டில் அடுத்தடுத்து இ.எஸ்.பி.எல். வருகிறதா, தொற்று பரவுகிறதா என்று கவனிக்கப் பல மருத்துவமனைகள் இதைத் தொடர்கின்றன.

நோயாளிகளும் உறவினர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அமிலம் சேர்ந்தால் பிளேட்டில் கிருமி சாகிறது என்பதால், அமிலம் கலந்த மாத்திரை உடம்பிலும் கடும் தொற்றைத் தீர்த்துவிடும் என்று முடிவுகட்டக் கூடாது. 2018-இல் வெளியான மெரினோ ஆய்வு, செஃப்ட்ரையாக்சோனுக்குக் கேட்காத கிருமிகள் இரத்தத்தில் கலந்த நோயாளிகளை எடுத்துக்கொண்டது. இதே போன்ற முடக்கும் பொருளான டாசோபாக்டம் கலந்த பிபராசிலின் கொடுக்கப்பட்டவர்களில் 12.3 சதவீதம் பேரும், மெரோபெனம் கொடுக்கப்பட்டவர்களில் 3.7 சதவீதம் பேரும் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். வில்லையில் உள்ள கிளவுலனிக் அமிலம் நொதியை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தொற்று எங்கே இருக்கிறது, எவ்வளவு கடுமை என்று பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.