சைடு ஓப்பன் எங்கே தொடங்க வேண்டும்?

கடையில் குர்தாவைப் போட்டுப் பார்ப்பவர்கள் கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், திரும்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு குர்தா சரியாக வெட்டப்பட்டதா என்பது தெரிவது அங்கேதான். நேராக நிற்கும்போது முன்துணியின் ஓரமும் பின்துணியின் ஓரமும் ஒன்றையொன்று தொட்டபடி கீழே இறங்க வேண்டும். ஓரடி எடுத்து வைத்தால் விரிய வேண்டும், நின்றதும் மறுபடி சேர வேண்டும். நிற்கும்போதே கவிழ்த்த ‘வி’ மாதிரி விரிந்து, உள்ளே இருக்கும் பேன்ட்டின் இடுப்புப் பட்டியைக் காட்டினால் அதில் கோளாறு இருக்கிறது.

கோளாறு என்றதும் பலரும் ஸ்லிட்டைக் குறை சொல்வார்கள். “ரொம்ப மேலே வெட்டிட்டாங்க, ரெண்டு இன்ச் சேர்த்துத் தைச்சுக் கொடுங்க” என்று தையல்காரரிடம் நீட்டுவார்கள். பெரும்பாலும் அதனால் பயனில்லை. விரிசலுக்குக் காரணம் ஸ்லிட்டுக்கு மேலே இருக்கும் சுற்றளவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண்ணுக்கு சீட் அளவு, அதாவது இடுப்புக்குக் கீழே உடம்பு மிக அகலமாக இருக்கும் இடத்தின் சுற்று, 40 இன்ச். அந்த இடம் தோளிலிருந்து 22 இன்ச் கீழே இருக்கிறது. தைப்பவர் வழக்கப்படி 18 இன்ச்சில் ஓப்பன் வைத்துவிடுகிறார். அந்த 18 இன்ச் மட்டத்தில் உடம்பு 36 இன்ச்தான். எனவே 2 இன்ச் தளர்ச்சி கொடுத்து 38 இன்ச் வைத்து, அங்கிருந்து துணியை நேராகக் கீழே விடுகிறார். அந்த மட்டத்தில் குர்தா அழகாகவே உட்காரும். நான்கு இன்ச் கீழே இறங்கினால் உடம்பு 40, துணி 38. குறைகிற 2 இன்ச்சைப் பக்கத்துக்கு ஒரு இன்ச்சாக ஸ்லிட் தன் தலையில் வாங்கிக்கொண்டு விரிகிறது. அதற்குக் கீழேயும் அது மூடாது. முன்துணி வயிற்றின் மேலிருந்தும் பின்துணி பிட்டத்தின் மேலிருந்தும் தொங்குவதால், இரண்டும் தனித்தனியாகவே விழும்.

இந்த நிலையில் ஓப்பனைக் கீழே இறக்கித் தைத்தால், 40 இன்ச் உடம்பை 38 இன்ச் குழாய்க்குள் அடைத்தது போலாகும். விரிசல் போய், தொடையின் மேல் குறுக்குச் சுருக்கங்கள் வரும். உட்கார்ந்து எழும்போது ஸ்லிட்டின் நுனித் தையல் தெறிக்கும்.

சரியான வழி, சீட் அளவை அது இருக்கும் இடத்திலேயே எடுத்து, அதற்குத் தளர்ச்சி கொடுப்பது. உட்காரும்போது உடம்பு இன்னும் அகலும் என்பதால் 3 இன்ச் வைத்துக்கொள்ளலாம். 40-க்கு 43. துணியை நான்காக மடித்து வெட்டும்போது 10¾ இன்ச், அதன்மேல் தையலுக்கும் ஓரம் மடிக்கவும் தனியாக. ஓப்பனை அந்த 22 இன்ச் மட்டத்திலோ, ஒரு இன்ச் மேலேயோ தொடங்கலாம். அதற்கும் மேலே வைப்பது விருப்பம்தான். ஆனால் கையைத் தூக்கினால் குர்தா மொத்தமும் மேலே ஏறும் என்பதை மறக்கக் கூடாது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்து, ஓப்பனுக்குக் கீழே துணி எப்படி இறங்குகிறது என்பது. நடக்கும்போது நம் கால்கள் கவராயம் போல விரிகின்றன. பாதங்களுக்கு இடையே இரண்டடி இருந்தால் முழங்கால் மட்டத்தில் ஏறக்குறைய அதில் பாதி. முன்தொடை முன்துணியைத் தள்ள, பின்துணி பின்னால் நிற்க, ஸ்லிட் அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்கிறது. நின்றதும் ஓரங்கள் திரும்பிச் சேர, கீழ்ப்பகுதியில் கொஞ்சம் அகலம் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் குர்தாவின் நீளம் 42 இன்ச் என்றால், 10¾-ஐக் கீழ் ஓரத்தில் 12 ஆக்கினால் போதும். நேராகவோ குறுகலாகவோ இறக்கினால் மூடாது. மூன்று நான்கு இன்ச் அகட்டினால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடக்கும்போது சுருண்டு மடங்கும். அனார்கலி மாதிரிக் குடையாக விரியும் உடைக்கு ஸ்லிட்டே தேவையில்லாததற்குக் காரணம், நடப்பதற்கான இடம் அதன் விரிவிலேயே கிடைத்துவிடுவதுதான்.

அகட்டி வெட்டுவதால் இன்னொரு தொல்லையும் வருகிறது. ஓரம் நேர் நூலில் இல்லாமல் சற்றுச் சாய்ந்துவிடும், சாய்ந்த துணி இழுபடும். தைக்கும்போது இழுத்துப் பிடித்தால் ஓரம் அலை அலையாக நிற்கும், எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் படியாது. நல்ல தையல்காரர்கள் நேர் நூலில் வெட்டிய ஒரு பட்டியை உள்பக்கம் வைத்துத் தைப்பார்கள். ஸ்லிட்டின் நுனியில் ஒரு சிறு முக்கோணத் துணியையும் வைப்பார்கள். இழுவை முழுதும் வந்து சேரும் புள்ளி அது. ரெடிமேடில் பெரும்பாலும் அந்த இடத்தில் நான்கைந்து குறுக்குத் தையல்தான் இருக்கும்.

ரெடிமேடு வாங்கியவர்கள் செய்யும் வழக்கமான தப்பு, ‘சைடு பிடிப்பது’. இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது என்று அக்குளிலிருந்து ஓப்பன் வரை ஒரே கோடாக அரை இன்ச் பிடித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாக அரை அரை இன்ச் என்றால் சுற்றில் 2 இன்ச் போயிற்று. நேற்று வரை மூடியிருந்த ஸ்லிட் இன்று வாயைப் பிளக்கும். பிடிக்க வேண்டியது இடுப்பில் மட்டும். அங்கிருந்து சரிந்து, சீட் மட்டத்துக்கு மேலேயே பழைய தையலோடு கலந்துவிட வேண்டும். பிடித்த பிறகு உபரித் துணியை வெட்டாமல் விடச் சொல்லுங்கள். வெட்டாத துணி இருந்தால் பிரித்து விடலாம்.

ஆண்களின் குர்தாவிலும் ஷெர்வானியிலும் கதை கொஞ்சம் வேறு. அங்கே சீட் அளவு பெரும்பாலும் மார்பளவை விட அதிகமிருக்காது, சிக்கலைக் கொடுப்பது தொப்பை. முன்துணி வயிற்றின் மேல் ஏறுவதால் கீழ் ஓரம் முன்னால் தூக்கிக்கொள்ளும், பக்கத் தையல் முன்னோக்கி இழுபடும், ஸ்லிட்டின் முன் ஓரம் மட்டும் பேன்ட்டை விட்டு விலகி நிற்கும். பின்துணியில் எவ்வளவு அகலம் கூட்டினாலும் இது சரியாகாது. முன்துணிக்கு நீளமும் அகலமும் தனியாகக் கூட்ட வேண்டும். வாடகை ஷெர்வானியில் இதைச் செய்ய வழியில்லை. வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையின் ஷெர்வானி முன்னால் ஒரு நீளம், பின்னால் ஒரு நீளமாகத் தெரிவது இதனால்தான். குர்தாவில் பாக்கெட் ஸ்லிட்டுக்குச் சற்று மேலே பக்கத் தையலிலேயே இருப்பதால், கனமான கைப்பேசியைப் போட்டதும் அந்தப் பக்க ஓரம் தொங்கிப் பிளந்துகொள்ளும். கைப்பேசியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஷெர்வானிக்கு உள்துணி உண்டு. அது மேல்துணியை விடக் கொஞ்சமாவது தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கமாகத் தைத்தால் ஸ்லிட் ஓரம் உள்நோக்கிச் சுருளும். வாங்கும்போது ஓரத்தை விரலால் நீவிப் பாருங்கள். விட்டதும் மறுபடி சுருண்டால் அதுதான் காரணம். கோட் வகைகளில் ஸ்லிட்டின் கீழ் முனைகளைப் பெருக்கல் குறி போன்ற தையலால் சேர்த்தும் விற்பார்கள். எடுத்துச் செல்லும்போது கசங்காமலிருக்கப் போட்ட நூல் அது. போடுவதற்கு முன் கத்தரித்துவிட வேண்டும்.